ஆயாவுக்கு முதல் கீபேட் போன்: எதை எந்த வரிசையில் செட் பண்ணுவது

"எங்க ஆயாவுக்கு 70 வயசு. காசிமேட்டுல மீன் விக்கிறாங்க. இதுவரைக்கும் போன் தொட்டதே இல்ல. சின்ன கீபேட் போன் ஒண்ணு வாங்கியிருக்கேன். தமிழுக்கு மாத்தணும், நம்பர் போடணும், ஒரே பட்டன்ல எனக்குக் கால் வர்ற மாதிரி பண்ணணும், சத்தமும் நல்லா கேக்கணும். எதுல ஆரம்பிக்கிறது?"

தமிழில் ஆரம்பிக்காதீர்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன். முதலில் நம்பர், அப்புறம் ஒரே பட்டனில் கால் போகும் ஸ்பீட் டயல், அப்புறம் சத்தம், கடைசியில் மொழி. இந்த வரிசையில் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

புதுவண்ணாரப்பேட்டையில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "போன் ரிப்பேர்" என்று வயதானவர்கள் கொண்டுவரும் கீபேட் போன்களில் பாதிக்கு மேல் ரிப்பேரே இருக்காது. ஏதோ ஒரு பட்டனைக் கொஞ்சம் அதிக நேரம் அமுக்கியிருப்பார்கள், இல்லை அதிக நேரம் அமுக்க வேண்டியதைச் சட்டென்று விட்டிருப்பார்கள். அவ்வளவுதான். நமக்குத் தட்டுவதும் அமுக்கிப் பிடிப்பதும் வேறு வேறு என்று கை தானாகவே தெரிந்து வைத்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவை போன் தொடுகிறவருக்கு அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. காலிங் பெல்லோ லைட் சுவிட்சோ அமுக்கினால் அமுக்கியதுதானே.

கீபேட் போனில் ஏறக்குறைய எல்லாப் பட்டனுக்கும் இரண்டு வேலை உண்டு. 1-ஐத் தட்டினால் திரையில் 1 விழும், பிடித்தால் வாய்ஸ் மெயிலுக்குப் போகும். 0-வைப் பிடித்தால் + குறி. பல போன்களில் * பிடித்தால் கீபேட் பூட்டிக்கொள்ளும், # பிடித்தால் போன் சைலண்டுக்குப் போய்விடும். சிவப்புப் பட்டனைத் தட்டினால் பேச்சு முடியும், பிடித்தால் போனே அணைந்துவிடும். நீங்கள் கேட்ட நான்கு வேலையையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்யப் போகிறோம்.

சிம் போடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கியது 2ஜி போன் என்றால் அதில் ஜியோ சிம் எடுக்காது, ஏனென்றால் ஜியோவிடம் 2ஜி இல்லை. அதற்கு 4ஜி கீபேட் போன் வேண்டும். பெரும்பாலான கீபேட் போன்களுக்குப் பெரிய அளவு சிம்தான். புது சிம் அட்டையில் மூன்று அளவுக்கும் வெட்டுக்கோடு இருக்கும், வெளிக்கோட்டோடு மட்டும் உடையுங்கள். அவசரத்தில் நானோ வரை உடைத்துவிட்டால் மிச்சச் சட்டத்தைத் தூக்கிப்போடாமல் அதற்குள்ளேயே வைத்துச் செருகலாம். ஆனால் வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளி இழுத்தால் ஸ்லாட்டில் இருக்கும் கம்பிகள் மாட்டிக்கொண்டு வளைந்துவிடும். இரண்டு சிம் ஸ்லாட் இருந்தால் முதல் ஸ்லாட்டில் போட்டு, இரண்டாவதைக் காலியாக விடுங்கள். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் "எந்த சிம்?" என்று போன் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் ஆயா போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வேறு வழியில்லாமல் இரண்டு சிம் போட்டாக வேண்டும் என்றால், செட்டிங்ஸில் கால் பேசுவதற்கு ஒரு சிம்மை நிலையாகக் குறித்துவிடுங்கள்.

இப்போது நம்பர். எல்லாருடைய நம்பரையும் போட்டுவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். ஐந்து பேர் போதும். நாற்பது பேர் இருக்கும் பட்டியலில் கீழே கீழே போவது பழகாத கைக்குப் பெரிய வேலை. ஆயா யாரிடம் தினம் பேசுவார், உடம்பு சரியில்லை என்றால் யார் ஓடி வருவார், யார் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மற்றவர்கள் நம்பரை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

பெயரை அவர் வாயால் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே போடுங்கள். ஆதார் கார்டில் இருக்கும் பெயரைப் போட்டால் போன் அடிக்கும்போது திரையில் யாரோ ஒருவர் பெயர் போலத் தெரியும். வீட்டில் "பெரியவனே" என்றுதான் கூப்பிடுவார் என்றால் பெரியவன் என்றே இருக்கட்டும். பெயருக்கு முன்னால் ஒரு எண்ணையும் சேர்த்துவிடுங்கள்: 2 பெரியவன், 3 திருவொத்தியூர் பொண்ணு, 4 எதிர்வீடு. பின்னால் ஸ்பீட் டயலில் எந்த எண்ணை வைக்கப் போகிறீர்களோ அதே எண். இதில் இரண்டு லாபம். பட்டியலில் அதே வரிசையில் மேலே வந்து நிற்கும். பெரியவன் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் திரையில் 2 தெரிவதால், யாரும் பாடம் நடத்தாமலே "இவன் ரெண்டு" என்று மனதில் பதிந்துவிடும். எழுத்து தெரியாதவர்களிலும் பலருக்கு எண் தெரியும். நோட்டு எண்ணுகிறார், பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறார் என்றால் அந்த 2 அவருக்குப் போதும்.

நம்பரை +91 சேர்த்தே போடுங்கள். 0-வைப் பிடித்தால் + வரும் என்று சொன்னேன் அல்லவா, சில போன்களில் * பட்டனை இரண்டு தடவை தட்டினால் வரும். வீட்டு லேண்ட்லைன் ஏதாவது இருந்தால் 044 சேர்த்து, அதன்பின் எட்டு இலக்கம். 044 இல்லாமல் போட்டால் மொபைலிலிருந்து போகாது.

சேமிக்கும்போது போனிலா சிம்மிலா என்று கேட்கும். போனில் என்று சொல்லுங்கள். சிம்மில் பெயருக்கு இடம் குறைவு, தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் நிறைந்துவிடும். "திருவொத்தியூர் பொண்ணு" அங்கே பாதியில் நின்றுவிடும். பழைய சிம்மில் ஏற்கெனவே நம்பர்கள் இருந்தால், Contacts செட்டிங்ஸில் போன் நினைவகத்தில் இருப்பதை மட்டும் காட்டும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு தடவை பட்டியலில் நிற்பார்.

தமிழில் பெயர் எழுதுவதில் ஒரு சிக்கல் வரலாம். ஐ.எஸ். 16333 என்ற இந்தியத் தரநிலைப்படி, இங்கே விற்கும் போன்கள் 22 இந்திய மொழிகளிலும் வரும் எழுத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் எழுதுவதற்கு ஆங்கிலம், இந்தி, கூடவே ஏதாவது ஓர் இந்திய மொழி இருந்தால் போதும். அந்த மூன்றாவது மொழி தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அதனால் தமிழ் எஸ்.எம்.எஸ். அழகாகத் தெரியும், தமிழில் எழுத வழி இருக்காது என்ற நிலைமை வரலாம். பெயர் எழுதும் இடத்தில் Options திறந்து Writing language என்று இருக்கிறதா, அதற்குள் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு பட்டனில் நாலைந்து எழுத்து இருக்கும், வேண்டிய எழுத்து வரும்வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இல்லை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. சிம்மைக் கழற்றி உங்கள் ஆண்ட்ராய்டு போனில் போடுங்கள். புது காண்டாக்ட் போடும்போது சேமிக்கும் இடம் சிம் என்று தேர்ந்தெடுத்து, பெயரைத் தமிழில் அடியுங்கள். மறுபடி கீபேட் போனில் போட்டு, Contacts-இல் சிம்மிலிருந்து போனுக்கு காப்பி செய்யுங்கள். இந்த வழியில் பெயர் சின்னதாக இருக்க வேண்டும், "2 பெரியவன்" அளவுக்குப் போகலாம். எல்லா ஆண்ட்ராய்டிலும் சிம்மில் சேமிக்க வழி கிடையாது, இருப்பதில்தான் முடியும்.

அடுத்தது ஸ்பீட் டயல். போன் சும்மா இருக்கும் திரையில், அதாவது மணி காட்டிக்கொண்டிருக்கும்போது, 2-ஐப் பிடியுங்கள். இந்த எண்ணுக்கு யாரும் இல்லை, வைக்கட்டுமா என்று பெரும்பாலான போன்கள் கேட்கும். சரி கொடுத்து "2 பெரியவன்" எடுத்தால் முடிந்தது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் Contacts-க்குள் போய் Options-இல் Speed dial என்று தேடுங்கள். சில போன்களில் ஸ்பீட் டயலையே ஆன் செய்ய வேண்டியிருக்கும், அந்த சுவிட்ச் கால் செட்டிங்ஸில் இருக்கும். காண்டாக்டை அழித்துவிட்டு மறுபடி போட்டால் ஸ்பீட் டயலையும் மறுபடி வைக்க வேண்டும், பழைய இணைப்பு போய்விடும்.

எந்தப் பட்டனில் வைக்கலாம் என்பதில்தான் கவனம் வேண்டும். 1 வாய்ஸ் மெயிலுக்குப் போய்விட்டது. 5-ஐயும் 9-ஐயும் தொடாதீர்கள். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் கீபேட் போன்களில் 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர உதவிக்குக் கால் போக வேண்டும். அந்தக் கால் போவது 112-க்கு. உங்கள் போனில் அது எந்தப் பட்டன் என்று பெட்டிக்குள் வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இது தெரியாமல் ஒருவர் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். "மகன் நம்பரை அமுக்குனா வேற யாரோ பேசறாங்க, தம்பி. என்ன உதவி வேணும்னு கேக்கறாங்க. நான் பயந்துபோய் வெச்சுட்டேன். திரும்ப அவங்களே கூப்புடுறாங்க" என்றார். நடந்தது இதுதான். பட்டன்களின் நடுவில் இருப்பதால் சுலபம் என்று மகன் 5-ஐத்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். 5-இன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், விரலால் தடவினால் தெரியும். அதனால் அவனுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியிருக்கிறது. ஸ்பீட் டயல் பட்டியலில் மகன் பெயரும் 5-க்கு நேரே இருந்தது. ஆனால் அந்த போனில் பிடித்தால் 112-க்குத்தான் போனது. நான் 2-க்கு மாற்றி வைத்தேன். 112-லிருந்து திரும்பக் கூப்பிட்டால் பயப்படாமல் எடுத்து, "தெரியாம அமுக்கிட்டேன், ஒண்ணும் இல்ல" என்று சொல்லச் சொன்னேன்.

ஆக உங்கள் ஆயாவுக்கு 2, 3, 4. இந்த மூன்று போதும். 6, 7, 8 காலியாகக் கிடக்கட்டும். 2-ஐக் கையால் கண்டுபிடிக்க நெயில் பாலீஷ் வையுங்கள். தீக்குச்சியின் மருந்து இல்லாத முனையை சிவப்பு பாலீஷில் தொட்டு, 2 பட்டனின் நடுவில் ஒரே ஒரு பொட்டு. பட்டனின் ஓரத்துக்குப் போனால் இடுக்கில் இறங்கி ஒட்டிக்கொள்ளும், பட்டன் மேலே எழும்பாது. கால் மணி நேரம் காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு பொட்டு வைத்தால் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு மேடாகிவிடும். மீன் தண்ணீர் படும் கை, ஒரு மாதத்தில் உரிந்துவிடும். மறுபடி வையுங்கள்.

இனி பிடிக்கும் நேரம். "அமுக்கிப் பிடி ஆயா" என்று சொன்னால், அமுக்குவார், ஆனால் எவ்வளவு நேரம்? பெரும்பாலும் சட்டென்று விட்டுவிடுவார். திரையில் 2 என்று விழும். கால் போகவில்லையே என்று இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நீங்கள் வந்து பார்க்கும்போது திரையில் 2222222 என்று நிற்கும். நான் கடையில் ஒரு வழி வைத்திருக்கிறேன். பட்டனை அமுக்கிக்கொண்டு "தண்டையார்பேட்டை" என்று முழுசாக ஒரு தடவை சொல்லச் சொல்வேன். சொல்லி முடித்தால் ஸ்பீட் டயல் போய்விடும். நிதானமாகச் சொல்ல வேண்டும், ஷேர் ஆட்டோக்காரர் கூவுவது போல அவசரமாகச் சொன்னால் போகாது. ஒரு தடவை ஒரு பாட்டி, "நான் இருக்கிறது எர்ணாவூரு, அதைச் சொன்னா ஆவாதா?" என்று கேட்டார். அது கொஞ்சம் சின்னப் பெயர், இழுத்துச் சொன்னால் ஆகும் என்றேன்.

சிவப்புப் பட்டனுக்கு நேர் எதிர்ப் பாடம். அதைச் சுட்ட தோசைக்கல் போலத் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஸ்பீட் டயல் பழகிய பிறகு இந்தத் தப்பு நிச்சயம் வரும். 2-ஐப் பிடித்துப் பழகிய விரல் சிவப்பையும் பிடிக்கும், போன் அணைந்துவிடும், அப்புறம் நாள் முழுக்க நீங்கள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வரும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுக்காதீர்கள். முதல் நாள் பச்சை, சிவப்பு மட்டும்: போன் அடித்தால் பச்சை, பேசி முடித்தால் சிவப்பைத் தொட்டு எடு. பேசி முடித்தபின் சிவப்பை அமுக்காவிட்டாலும் கெடுதல் இல்லை, நீங்கள் வைத்துவிட்டால் அங்கேயும் கால் முடிந்துவிடும் என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பதற்றம் போய்விடும். இரண்டு நாள் கழித்து 2-ஐச் சொல்லிக் கொடுங்கள்.

கீபேட் லாக் பற்றியும் இங்கேயே முடிவெடுக்க வேண்டும். லாக் இருந்தால் ஸ்பீட் டயல் வேலை செய்யாது, முதலில் திறக்க வேண்டும். லாக் இல்லாவிட்டால் சுருக்குப் பையில் கிடக்கும் போன் தானாகவே எண்களை அமுக்கிக்கொண்டு உங்களுக்கும் 112-க்கும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் அலமாரி மேலேயே இருக்கும் போனுக்கு நான் லாக் வைப்பதில்லை. மார்க்கெட்டுக்குப் போகும் போனுக்கு வைப்பேன். பூட்டியிருந்தாலும் வருகிற காலை பச்சை அமுக்கி எடுத்துவிடலாம், அதற்குத் திறக்கத் தேவையில்லை. மீன் விற்கும் நேரத்தில் ஆயாவுக்கு அதிகம் வேண்டியது அதுதான். திறப்பதற்குப் பெரும்பாலும் இடது மேல் பட்டனைத் தட்டி, அப்புறம் *. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் ஆகட்டும்.

சத்தத்தில் மூன்று வேறு சத்தங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கூட்டிவிட்டு எல்லாம் கூடிவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. ரிங்டோன் சத்தம் ஒன்று. பேசும்போது காதில் கேட்கும் சத்தம் இன்னொன்று. பட்டன் அமுக்கினால் வரும் சத்தம் மூன்றாவது.

ரிங்டோனை Settings-இல் Tones அல்லது Profiles என்ற இடத்தில் கடைசி வரை கூட்டுங்கள். வைப்ரேஷனும் சேர்த்து வையுங்கள். எந்த டோன் என்பதும் முக்கியம். வயதாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதுக்குக் கேட்காமல் போகும். போனில் வரும் நவீன டோன்கள் பல அப்படிக் கீச்சிடுபவை. பட்டியலில் பழைய டெலிபோன் மணி போன்ற, கொஞ்சம் கனத்த ஒலியாக ஒன்றைத் தேடி வையுங்கள். மெல்ல ஆரம்பித்துக் கூடிக்கொண்டே போகும் ரிங் வேண்டாம், அது பெரிதாவதற்குள் கட் ஆகிவிடும். வீட்டு ஹாலில் அடித்துப் பார்த்துவிட்டு நல்லா கேக்குது என்று முடிவு செய்யாதீர்கள். ஏலம் கூவிக்கொண்டும் ஐஸ் உடைத்துக்கொண்டும் இருக்கிற இடத்தில், சுருக்குப் பைக்குள் போனை வைத்து, இடுப்பில் செருகிய நிலையில் கூப்பிட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் ஓட்டை பெரும்பாலும் போனின் முதுகுப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் உடம்போடு ஒட்டியிருந்தால் சத்தம் அமுங்கிவிடும். முதுகு வெளியே பார்க்கும்படி வைத்தால் அதே போன் வேறு போன் மாதிரி கேட்கும். வைப்ரேஷனும் அப்போது வயிற்றில் தெரியும்.

காதில் கேட்கும் சத்தத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் கூட்ட முடியும். நிறைய பேர் செட்டிங்ஸில் தேடித் தேடிச் சலித்துப் போகிறார்கள். உங்கள் போனிலிருந்து கூப்பிட்டு, ஆயா போனை எடுத்து, நடுவில் இருக்கும் பட்டனின் மேல்பக்கத்தை, சில போன்களில் வலப்பக்கத்தை, தட்டிக்கொண்டே போங்கள். திரையில் கோடு நிறையும். கடைசி வரை வைத்துவிட்டால் அடுத்த காலுக்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முழுசாகக் கூட்டியும் "கேக்கவே இல்ல" என்று சொன்னால் போனை அவர் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். முதல் தடவை பிடிக்கிறவர்கள் போனைக் கன்னத்தில் வைப்பார்கள், காதுக்குக் கீழே. ஒலி வருவது திரைக்கு மேலே இருக்கும் ஒரு சின்னக் கீற்றிலிருந்து. அது காதுத் துளைக்கு நேராக நிற்க வேண்டும். ஆயாவின் ஆள்காட்டி விரலை எடுத்து அந்தக் கீற்றின் மேல் வைத்து, "இதுதான் வாய், இது காதுல பேசும்" என்று காட்டுங்கள். ஈரம் படாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தால் இன்னொரு கோளாறு வரும்: ஆயாவுக்கு நீங்கள் பேசுவது கேட்கும், உங்களுக்கு அவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கீழ் ஓரத்தில் இருக்கும் மைக் ஓட்டை கவரில் அடைபட்டிருக்கிறது. கவர் வேண்டும் என்றால் பேசும்போது வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பழைய போனாக இருந்தால் காதுக் கீற்றில் தூசியும் எண்ணெய்யும் அடைத்திருக்கும். உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும், ஊசி விடாதீர்கள்.

பட்டன் சத்தத்தை நான் ஆன் செய்தே கொடுப்பேன். அமுங்கியதா இல்லையா என்று விரலுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, காதுக்கும் தெரியட்டும். மெசேஜ் சத்தத்தை அணைத்துவிடுங்கள். கம்பெனி விளம்பர மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஆயா போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தொல்லை காலாகவும் மெசேஜாகவும் அதிகம் வந்தால் அவர் போனிலிருந்தே 1909-க்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்:

```
START 0
```

இவ்வளவும் செய்து ஒரு வாரம் கழித்து "போன் அடிக்கவே மாட்டேங்குது" என்று வந்தால், கடைக்கு ஓடாதீர்கள், மணி காட்டும் திரையில் சைலண்ட் குறி இருக்கிறதா பாருங்கள். குறுக்கே கோடு போட்ட மணி மாதிரி ஒரு சின்னப் படம், அல்லது Silent என்ற சொல். # பட்டன் எங்கேயோ பிடிபட்டிருக்கிறது. மறுபடி # பிடித்தால் சரியாகிவிடும். கீபேட் லாக் வைத்திருந்தால் இது குறையும்.

கடைசியாகத் தமிழ். ஏன் கடைசியில் என்றால், இதுவரை நீங்கள் தேடிப் போன இடங்களெல்லாம் Settings, Contacts, Speed dial என்று உங்களுக்குப் பழகிய சொற்கள். தமிழுக்கு மாற்றியதும் அமைப்புகள், தொடர்புகள், விருப்பங்கள் என்று வரும். ஸ்பீட் டயலை ஒரு போனில் வேக அழைப்பு என்பார்கள், இன்னொன்றில் விரைவு டயல் என்பார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்தவரே எது எது என்று திணறுவார். முதலில் தமிழுக்கு மாற்றிவிட்டு, மற்ற வேலைக்காக மறுபடி ஆங்கிலத்துக்குப் போக வழி தெரியாமல் என்னிடம் வந்தவர்கள் நிறைய.

மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் வழியை எழுதிக்கொள்ளுங்கள், சொற்களாக இல்லாமல் இடமாக: மெனுவில் எத்தனையாவது படம், உள்ளே எத்தனையாவது வரி, அதற்குள் எத்தனையாவது வரி. மெனுவில் Settings, அதற்குள் Phone settings, அதற்குள் Language என்பது பொதுவான பாதை, வரிசை எண் போனுக்குப் போன் மாறும். மொழி மாறினாலும் வரிசை மாறாது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும், அதனால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் English என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. போகிற வழிக்குத்தான் தாள்.

ஆயாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்றால் மாற்றுங்கள். தவறிய அழைப்பு என்று வருவதைப் படித்துப் புரிந்துகொள்வார். படிக்கவே தெரியாது என்றால் மெனு எந்த மொழியில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அப்போது அந்த போனைத் தினம் சரிபார்க்கப் போகிறவர், அது நீங்களோ எதிர்வீட்டுப் பெண்ணோ, அவருக்குப் படிக்க வருகிற மொழியில் விடுங்கள். அப்படிப்பட்டவருக்கு எழுத்தைவிட ஒலிதான் உதவும். ஆளுக்கொரு ரிங்டோன் வைக்கும் வசதி சில போன்களில் உண்டு. இருந்தால் உங்கள் நம்பருக்குப் பழைய டெலிபோன் மணி, மகள் நம்பருக்கு வேறொன்று என்று வைத்துவிடுங்கள். அழைப்பவர் எண்ணை வாய்விட்டுச் சொல்லும் போன்களும் வருகின்றன. ஆனால் சந்தை இரைச்சலில் அந்தக் குரல் எடுபடாது, வீட்டோடு இருப்பவர்களுக்குத்தான் அது.

எல்லாம் முடிந்ததும் பேட்டரி மூடியின் உள்பக்கம் உங்கள் நம்பரையும், ஆயாவின் நம்பரையும் எழுதி ஒட்டுங்கள். தன் நம்பர் என்ன என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, போனிலும் சட்டென்று கிடைக்காது. செக்யூரிட்டி கோட் ஏதாவது வைத்திருந்தால் அதை மட்டும் அங்கே எழுதாமல் வீட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்று ஒரு தடவை கூப்பிடுங்கள். ஆயா எடுத்ததும் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திப் பேசுவார். அது போனின் கோளாறு இல்லை, வால்யூமைக் குறைக்க வேண்டாம்.